'இது', 'மேலும்', 'எனவே' என்றே தொடங்கும் பத்தி: பொருள் மாறாமல் ஓட்டம் கொண்டுவருவது எப்படி?

*"நான் எழுதும் பத்திகளில் பாதி வாக்கியங்கள் 'இது' என்று தொடங்குகின்றன, மீதி 'மேலும்', 'எனவே' என்று. படிக்க எனக்கே இடறுகிறது. மாற்றப் போனால் சொல்ல வந்தது வேறாகிவிடுகிறது. அர்த்தம் மாறாமல் எப்படிச் சரிசெய்வது?"*

முதலில், மாற்றுச் சொல் தேடுவதை நிறுத்துங்கள். ஒரு 'மேலும்' இருந்த இடத்தில் 'அத்துடன்', அடுத்ததில் 'அதுமட்டுமின்றி', அதற்கும் அடுத்ததில் 'தவிரவும்' என்று போட்டால் சொல்தான் மாறும், இடறல் அப்படியே இருக்கும். பெரும்பாலான 'மேலும்' எதையும் சேர்ப்பதற்காக வருவதில்லை. அடுத்த வாக்கியத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாத இடத்தில் கை தானாகப் போடும் சொல் அது. அதனால் எந்தச் சொல்லைப் போடலாம் என்று யோசிக்கும் முன், இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே உண்மையில் என்ன உறவு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். காரணமா, விளைவா, நிபந்தனையா, முரணா, வெறும் அடுக்கா? உறவே இல்லை என்ற பதிலும் வரலாம். அது தெரிந்துவிட்டால் தமிழ் இலக்கணமே பாதி வேலையைச் செய்துவிடும்.

ஒரு பத்தியை எடுத்துப் பார்ப்போம். வேண்டுமென்றே உங்கள் சிக்கல் எல்லாம் இருக்கும்படி எழுதியிருக்கிறேன்.

> மண்புழு மண்ணுக்குள் வாழும் உயிரினம் ஆகும். இது நுரையீரல் இல்லாத உயிரினம் ஆகும். இது தோல் வழியாகச் சுவாசிக்கிறது. மேலும் இதன் தோல் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். எனவே இது வறண்ட மண்ணின் மேல்பகுதியில் தங்குவதில்லை. மேலும் இது வெயில் காலத்தில் பெரும்பாலும் ஆழத்துக்குச் சென்றுவிடுகிறது. இது மழைக்குப் பிறகு மேலே வருகிறது. மேலும் இது மண்ணைத் துளைத்துச் செல்கிறது. எனவே காற்றும் நீரும் மண்ணுக்குள் எளிதாக இறங்குகின்றன. ஆனால் இது எல்லா மண்ணிலும் வாழ்வதில்லை.

வாக்கியங்களின் முதல் சொல்லை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள்: மண்புழு, இது, இது, மேலும், எனவே, மேலும், இது, மேலும், எனவே, ஆனால். இடறல் எங்கே என்று கண்ணுக்கே தெரிகிறது. தமிழில் இன்னொரு பட்டியலும் போட வேண்டும், கடைசிச் சொற்களின் பட்டியல். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் நிற்பதால் காதில் அதிகம் தங்குவது முடிவுதான். 'ஆகும், ஆகும், கிறது, வேண்டும், தங்குவதில்லை, கிறது, கிறது, கிறது' என்று போனால், தொடக்கத்தை எவ்வளவு மாற்றினாலும் பத்தி ஒரே தாளத்தில்தான் கேட்கும்.

முதலில் 'இது' விஷயத்தைத் தீர்த்துவிடலாம். தமிழ் வினைமுற்றின் விகுதியிலேயே எழுவாய் இருக்கிறது. 'வந்தார்' என்றால் அவர், 'வந்தேன்' என்றால் நான். ஆகவே யாரைப் பற்றிய பேச்சு என்று முதல் வாக்கியத்தில் சொல்லிவிட்டால், அடுத்தடுத்த வாக்கியங்களில் எழுவாயை விட்டுவிடலாம். 'நுரையீரல் இல்லாத உயிரினம். தோல் வழியாகச் சுவாசிக்கிறது' என்றாலே போதும், யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இதில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஒன்று, நடுவில் அதே விகுதி ஏற்கும் இன்னொரு பெயர் எழுவாயாக வந்துவிட்டால். நம் பத்தியில் நான்காவது வாக்கியத்தின் எழுவாய் தோல். மண்புழுவும் அஃறிணை ஒருமை, தோலும் அஃறிணை ஒருமை. அதற்குப் பின் எழுவாயை விட்டுவிட்டு 'ஆழத்துக்குச் சென்றுவிடுகிறது' என்று எழுதினால், இலக்கணப்படி தோல் ஆழத்துக்குப் போகிறது. இரண்டாவது இடம், விகுதியே இல்லாத வினைகள். 'தங்குவதில்லை', 'இருக்க வேண்டும்', 'வரலாம்', 'முடியும்' எல்லாம் அவன், அவள், அவர்கள், அது என யாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். அங்கே எழுவாயை விட்டால் வினையில் துப்பு எதுவும் கிடைக்காது. இந்த இரண்டு இடங்களிலும் 'மண்புழு' என்று பெயரையே திரும்பச் சொல்லிவிடுவது நல்லது. பெயர் திரும்ப வருவது குற்றமில்லை. அதைத் தவிர்க்க 'இந்த உயிரினம்', 'இந்தச் சிறு ஜீவன்', 'உழவரின் தோழன்' என்று ஆளுக்கொரு பட்டம் சூட்டுகிறார்களே, அதுதான் படிப்பவரைக் குழப்பும். புதிய பெயரைப் பார்த்தால் புதிய ஆள் வந்துவிட்டதாகத்தான் மனம் எடுத்துக்கொள்ளும்.

அடுத்து இணைப்புச் சொற்கள். மூன்று 'மேலும்' இருக்கின்றன, மூன்றும் மூன்று விதம்.

முதல் 'மேலும்' தோல் ஈரமாக இருக்க வேண்டும் என்ற வாக்கியத்தில். தோல் வழியாகச் சுவாசிப்பதும் தோல் ஈரமாக இருக்க வேண்டியதும் இரண்டு தனித் தகவல்கள் அல்ல. ஈரம் இல்லாவிட்டால் தோல் வழியாக உயிர்வளி உள்ளே போகாது, அதனால்தான் ஈரம் வேண்டும். உறவு தேவையைப் பற்றியது, 'மேலும்' அதை மறைத்து வைத்திருந்தது. 'அதற்கு அதன் தோல் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும்' என்று எழுதினால் உறவு வெளியே வந்துவிடும்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். மூலத்தில் சொல்லாத உறவை நாம் சேர்க்கிறோமே, அது பொருளை மாற்றுவது ஆகாதா? எழுதியவர் நீங்களே என்றால் ஆகாது. உங்கள் மனதில் இருந்ததைத்தான் வெளியே எடுக்கிறீர்கள். வேறொருவர் எழுதியதைத் திருத்துகிறீர்கள் என்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேட்க வழி இல்லையா, இணைப்புச் சொல்லை நீக்கி வாக்கியங்களை அருகருகே விட்டுவிடுங்கள். அருகில் இருப்பதே உறவைக் காட்டும், நீங்கள் எதையும் அடித்துச் சொன்னதாகவும் ஆகாது.

இதே இடத்தில் வழக்கமாக நடக்கும் ஒரு தவறு: 'தோல் ஈரமாக இருப்பதால் இது அதன் வழியாகச் சுவாசிக்கிறது.' வாக்கியம் அழகாக ஓடுகிறது. ஆனால் மூலம் 'இருக்க வேண்டும்' என்றது, அது நிபந்தனை. 'இருப்பதால்' என்றதும் அது நடந்துகொண்டிருக்கும் உண்மையாகிவிட்டது, வறண்டால் என்ன ஆகும் என்ற செய்தியே காணாமல் போய்விட்டது. 'இருந்தால்' என்பதும் 'இருப்பதால்' என்பதும் பார்வைக்கு நெருக்கம், பொருளில் வெகுதூரம். 'நனைந்தால்', 'நனைந்ததால்' என்பதிலும் இதே கதைதான்: ஒரு 'த' கூடியதும் 'ஒருவேளை' என்பது 'நடந்தது' ஆகிவிடும். இரண்டு வாக்கியங்களை ஒட்டும்போது இந்த ஓர் எழுத்தை இரண்டு முறை பாருங்கள்.

இரண்டாவது 'மேலும்': வறண்ட மேல்பகுதியில் தங்குவதில்லை, மேலும் வெயில் காலத்தில் ஆழத்துக்குச் சென்றுவிடுகிறது. இங்கே இணைப்புச் சொல்லே வேண்டாம். இல்லை என்று ஒன்றைச் சொல்லிவிட்டு, பிறகு என்னதான் செய்கிறது என்று அடுத்ததில் சொல்கிறோம். ஓர் அரைப்புள்ளி போதும். இரண்டையும் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்ற ஆசையில் 'வறண்ட மண்ணின் மேல்பகுதியில் தங்காமல் வெயில் காலத்தில் பெரும்பாலும் ஆழத்துக்குச் சென்றுவிடுகிறது' என்று எழுதினால் என்ன ஆகிறது? மூலத்தில் 'பெரும்பாலும்' ஆழத்துக்குச் செல்வதற்கு மட்டும்தான் இருந்தது. மேலே தங்காதது அப்படித் தளர்த்திச் சொல்லப்படவில்லை. இப்போது 'தங்காமல்' என்பது 'பெரும்பாலும் சென்றுவிடுகிறது' என்ற வினையோடு சேர்ந்துகொண்டு, இரண்டுமே 'பெரும்பாலும்' ஆகிவிட்டன. போதாக்குறைக்கு 'வெயில் காலத்தில்' என்ற வரையறையும் இரண்டுக்கும் பரவிவிட்டது. பெரும்பாலும், சில, மட்டும், பொதுவாக, கூடும் போன்ற சொற்கள் உள்ள வாக்கியத்தை ஒட்டுவதற்கு முன், அந்தச் சொல் எதைத் தொட்டுக்கொண்டிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் ஒட்டாதீர்கள்.

மூன்றாவது 'மேலும்' வரும் இடத்தில் பேச்சே மாறுகிறது. அதுவரை மண்புழுவின் உடலையும் இருப்பிடத்தையும் பேசிய பத்தி, 'மேலும் இது மண்ணைத் துளைத்துச் செல்கிறது' என்றதும் மண்ணுக்கு என்ன நடக்கிறது என்ற பக்கம் போய்விடுகிறது. இரண்டு பத்திகளாக வேண்டியதை ஒரு சொல் கட்டி வைத்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு வரியை மாற்றி, புதிய பத்தியை 'மண்புழு' என்று பெயரோடு தொடங்குங்கள். என் அனுபவத்தில், 'மேலும்' அதிகமுள்ள கட்டுரைகளில் உண்மையான குறை பத்தி பிரிக்காததுதான்.

அந்த இடத்திலேயே அடுத்து 'எனவே' வருகிறது. துளைத்துச் செல்கிறது, எனவே காற்றும் நீரும் இறங்குகின்றன. இதை ஒரே வாக்கியமாக்குவது தமிழில் எளிது, வினையெச்சம் கைவசம் இருக்கிறது. எந்த எச்சம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. மூன்று விதமாக எழுதிப் பார்க்கலாம்.

> மண்புழு மண்ணைத் துளைத்துச் சென்று காற்றும் நீரும் எளிதாக இறங்குகின்றன.
>
> மண்புழு மண்ணைத் துளைத்துச் செல்லும்போது காற்றும் நீரும் எளிதாக இறங்குகின்றன.
>
> மண்புழு மண்ணைத் துளைத்துச் செல்வதால் காற்றும் நீரும் எளிதாக இறங்குகின்றன.

முதல் வாக்கியம் நொண்டுகிறது. 'சென்று', 'பார்த்து', 'எடுத்து' போன்ற எச்சத்தைச் செய்பவரும் முடிக்கும் வினையைச் செய்பவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பது பொது விதி. இங்கே துளைப்பது புழு, இறங்குவது காற்றும் நீரும். எழுவாயை விட்டிருந்தால் இன்னும் மோசம்: மண்ணைத் துளைத்துச் சென்றதே காற்றும் நீரும்தான் என்று ஆகியிருக்கும். 'மழை பெய்து நெல் விளைந்தது' என்கிறோமே என்று கேட்பீர்கள். அங்கே 'பெய்து' என்பது 'பெய்ததால்' என்ற காரணப் பொருளில் வருகிறது, வழக்கில் ஊன்றிவிட்ட அமைப்பு. அதைப் பார்த்து எல்லா இடத்திலும் அப்படிச் செய்யத் தொடங்கினால் யார் எதைச் செய்தார் என்பது கலங்கிவிடும்.

இரண்டாவது வாக்கியத்தில் இலக்கணம் சரி, பொருள் நழுவிவிட்டது. 'செல்லும்போது' நேரத்தைச் சொல்கிறது. புழு துளைக்கிற நேரத்தில் மட்டும் நீர் இறங்குவதுபோல் ஆகிவிட்டது. மூலத்தின் 'எனவே' காரணம். ஆகவே மூன்றாவதுதான் சரி.

நேரமும் காரணமும் இப்படி ஒன்றுக்கொன்று வேடம் போட்டுக்கொண்டு வருவது அடிக்கடி நடக்கும். 'மழைக்குப் பிறகு மேலே வருகிறது' என்ற வாக்கியத்தையே பாருங்கள். 'பிறகு' சலித்துப்போய் 'மழைநீர் புகுவதால் மேலே வருகிறது' என்று ஓட்டமாக எழுதத் தோன்றும். மூலம் சொன்னது கால வரிசையை மட்டும். மழைக்குப் பின் மண்புழு ஏன் மேலே வருகிறது என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. நீரில் மூழ்கி மூச்சு முட்டுவதால் வருகிறது என்பது பரவலான நம்பிக்கை, ஆனால் பல மண்புழுக்கள் நீருக்குள் நாள்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியவை. நடைக்காக ஒரு 'ஆல்' விகுதி சேர்த்தது, தீராத ஒரு கேள்விக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

சொல் வரிசையை மாற்றுவதும் இப்படித்தான். தமிழில் சொற்களை இடம் மாற்றலாம் என்பது உண்மை, இலவசமாக மாற்றலாம் என்பது உண்மையில்லை. 'மழைக்குப் பிறகு இது மேலே வருகிறது' என்று காலத்தை முன்னால் கொண்டுவருவதில் ஆபத்து இல்லை. தொடக்கம் மாறுகிறது, பொருள் நிற்கிறது. அதையே 'இது மேலே வருவது மழைக்குப் பிறகு' என்றால், வேறு எப்போதும் வராது என்ற தொனி வந்துவிடும். ஒரு 'தான்' சேர்த்து 'மழைக்குப் பிறகுதான்' என்றால் தொனி என்ன, நேரடிக் கூற்றாகவே ஆகிவிடும். காலம், இடம் இவற்றை முன்னால் நகர்த்துங்கள், வினையைக் கடைசியிலேயே விடுங்கள். பெரும்பாலும் சிக்கல் வராது.

பெயரெச்சத்திலும் ஒரு பொறி உண்டு, நம் பத்தியில் அது பெரிதாகத் தெரியாது என்பதால் வேறு உதாரணம். 'உறுப்பினர்கள் பயிற்சி பெற்றார்கள். அவர்கள் தேர்வில் வென்றார்கள்.' இதை 'பயிற்சி பெற்ற உறுப்பினர்கள் தேர்வில் வென்றார்கள்' என்று சுருக்கினால், பயிற்சி பெறாத உறுப்பினர்களும் இருந்தார்கள், அவர்கள் வெல்லவில்லை என்று படிக்க இடம் கொடுக்கிறீர்கள். 'உறுப்பினர்கள் பயிற்சி பெற்று, தேர்வில் வென்றார்கள்' என்றால் அந்தக் குழப்பம் இல்லை, எழுவாயும் ஒன்றுதான். ஒரே ஒரு பொருளைப் பற்றியோ ஓர் இனம் முழுவதையும் பற்றியோ பேசும்போது பெயரெச்சம் பாதுகாப்பானது. 'நுரையீரல் இல்லாத இது' என்றால், நுரையீரல் உள்ள மண்புழுவும் இருக்கிறதோ என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

கடைசியாக 'ஆனால்'. பத்தியில் அது ஒரே முறைதான் வருகிறது, உண்மையான முரணுக்கு வருகிறது. அப்படியே விட்டுவிடலாம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் 'எனினும்' பொருந்தும். 'மாறாக' பொருந்தாது. ஒன்றை இல்லை என்று மறுத்துவிட்டு அதன் எதிரே இருப்பதைச் சொல்லும்போது வரும் சொல் அது. 'ஆனால்' இருக்கும் இடத்தில் எல்லாம் 'மாறாக' போடுவது இப்போது ஒரு வழக்கமாகி வருகிறது, பொருள் பொருந்துகிறதா என்று யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை.

எல்லாம் சேர்த்து எழுதினால்:

> மண்புழு மண்ணுக்குள் வாழும் உயிரினம். நுரையீரல் இல்லாத இது, தோல் வழியாகச் சுவாசிக்கிறது. அதற்கு அதன் தோல் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும் என்பதால், வறண்ட மண்ணின் மேல்பகுதியில் மண்புழு தங்குவதில்லை. வெயில் காலத்தில் பெரும்பாலும் ஆழத்துக்குச் சென்றுவிடுகிறது. மழைக்குப் பிறகு மேலே வருகிறது.
>
> மண்புழு மண்ணைத் துளைத்துச் செல்வதால் காற்றும் நீரும் மண்ணுக்குள் எளிதாக இறங்குகின்றன. ஆனால் எல்லா மண்ணிலும் அது வாழ்வதில்லை.

பத்து வாக்கியங்கள் ஏழாகிவிட்டன. 'மேலும்' ஒன்றுகூட இல்லை, 'எனவே' இரண்டும் 'ஆல்' விகுதிக்குள் போய்விட்டன. 'மண்புழு' என்ற பெயர் ஒரு முறைக்குப் பதில் மூன்று முறை வருகிறது, ஆனாலும் படிக்கும்போது உறுத்தவில்லை. 'மழைக்குப் பிறகு மேலே வருகிறது' என்ற குட்டி வாக்கியத்தை வேண்டுமென்றேதான் எதனோடும் ஒட்டவில்லை. அதற்கு முன் நீளமான வாக்கியம் ஒன்று இருக்கிறது, அங்கே மூச்சு விட இடம் வேண்டும். 'ஆழத்துக்குச் சென்றுவிட்டு, மழைக்குப் பிறகு மேலே வருகிறது' என்று ஒட்டியிருந்தால் ஓட்டம் இன்னும் கூடியிருக்கும். ஆனால் வெயிலில் போன புழு அடுத்த மழைவரை கீழேயே கிடக்கிறது என்று ஒரு புதுச் செய்தியும் சேர்ந்திருக்கும்.

திருத்தி முடித்ததும் பொருள் மாறவில்லையே என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது, கொஞ்சம் சலிப்பான வழிதான். பழைய பத்தியில் உள்ள ஒவ்வொரு கூற்றையும் தனி வரியாக எழுதுங்கள். நம் பத்தியில் பத்து வரும். அப்புறம் புதிய பத்தியை மட்டும் வைத்துக்கொண்டு, பழையதைப் பார்க்காமல், அதிலிருந்து கூற்றுகளை எழுதுங்கள். இரண்டு பட்டியலையும் ஒப்பிடும்போது குறைந்ததைவிடக் கூடியதையே தேடுங்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் கண்ணில் பட்டுவிடும். புதிதாக நுழைந்த ஒரு 'அதனால்', ஒரு 'மட்டும்', ஒரு 'எல்லா' கண்ணில் படாது. பிறகு ஒவ்வொரு வரிக்கும் நேரே, மூலத்தில் அது உறுதியாகச் சொல்லப்பட்டதா, 'பெரும்பாலும்' என்று சொல்லப்பட்டதா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓரிரு முறை செய்தபின் கண்ணே பழகிவிடும், சிக்கலான பத்திகளுக்கு மட்டும் எழுதிப் பார்த்தால் போதும்.

இந்தத் திருத்தமே வேண்டாத இடங்களும் உண்டு. செய்முறைக் குறிப்பில் ஒவ்வொரு படியும் ஒரே மாதிரி தொடங்கினால்தான் கை வேலையில் இருப்பவர் விட்ட இடத்தைக் கண்டுபிடிப்பார். ஒப்பந்தம், விதிமுறை போன்றவற்றில் ஒரே சொல் திரும்ப வருவது பாதுகாப்பு. அங்கே நடைக்காக 'உரிமையாளர்' என்பதை ஒரு வரியில் 'சொந்தக்காரர்' என்று மாற்றினால், இருவரும் ஒருவரா என்று ஒருவர் வாதாட வழி கிடைக்கும். மேடைப் பேச்சில் அடுக்கிச் சொல்வதற்காக ஒரே தொடக்கத்தை வேண்டுமென்றே மூன்று முறை சொன்னால், அதையும் தொடாதீர்கள்.